தொடக்கம் வேறு, வேகம் வேறு

கணக்கில் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் இருக்கிறது. அதில் எவ்வளவு பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள வித்தியாசம், எவ்வளவு ஒரே பள்ளிக்குள் பிள்ளைகளுக்கிடையே உள்ள வித்தியாசம்? அமெரிக்க நகர்ப்புறங்களில் 60 தொடக்கப் பள்ளிகளில் படித்த 1721 பிள்ளைகளின் மதிப்பெண்களை வைத்து இந்தக் கேள்விக்கு இரண்டு விடை சொல்லலாம். பள்ளிகளின் பங்கு ஐந்தில் ஒன்று என்பது ஒரு விடை. ஏறக்குறைய சரிபாதி என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே தரவிலிருந்து வந்தவை, இரண்டும் சரியானவை. முதல் விடை, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பற்றியது. இரண்டாவது, எவ்வளவு வேகமாக முன்னேறுகிறார்கள் என்பதைப் பற்றியது. எளிமையான மாதிரியோடு நிறுத்திக்கொள்பவருக்கு இரண்டாவது விடை கண்ணிலேயே படாது.

‘சஸ்டெயினிங் எஃபெக்ட்ஸ்’ என்ற அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதி இந்தத் தரவு. ஸ்டீபன் ராடன்புஷ், ஆன்டனி பிரைக் ஆகியோரின் பாடநூல் வழியாகப் புள்ளியியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. ஆறு ஆண்டுகளில் ஆண்டுக்கொரு கணிதத் தேர்வு. எல்லாப் பிள்ளைகளும் எல்லா ஆண்டும் எழுதவில்லை, அதனால் மொத்தம் 7230 மதிப்பெண்கள்தான் உள்ளன. சராசரியாகப் பிள்ளைக்கு நான்கு. மதிப்பெண் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் இல்லை. சின்ன வகுப்புக்கான எளிய கேள்விகளையும் பெரிய வகுப்புக்கான கடினக் கேள்விகளையும் ஒரே அளவுகோலில் பொருத்தி, சுழிக்கு மேலும் கீழுமாக எண் கொடுத்திருக்கிறார்கள். இது இருந்தால்தான் ‘முன்னேற்றம்’ என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. ஐந்தாம் வகுப்பில் 80, ஆறாம் வகுப்பில் 75 என்று நம் ஊர் ஆண்டுத் தேர்வு அட்டையில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளை பின்தங்கிவிட்டான் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு வினாத்தாள். அந்த எண்களைக் கீழே சொல்லும் எந்த மாதிரியில் போட்டாலும் கிடைப்பது வினாத்தாளின் கதையாகவே இருக்கும்.

இனி மாதிரிக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் படித்த y = mx + c நினைவிருக்கும். x என்பது ஆண்டு, y என்பது மதிப்பெண். c வெட்டுத்துண்டு, அதாவது ஆண்டு சுழியாக இருக்கும்போது பிள்ளை நிற்கும் இடம். m சாய்வு, ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்பது. 1721 பிள்ளைகளுக்கும் ஒரே கோடு என்றால் அது அபத்தம். ஆளுக்கொரு தனிக் கோடு என்றால், மூன்று நான்கு மதிப்பெண்ணை நம்பிப் போட்ட கோடுகள் தாறுமாறாக ஓடும். நடுவழி, கலப்பு மாதிரி. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் அதிலிருந்து கொஞ்சம் விலகும். அந்த விலகல்கள் சுழியை மையமாகக் கொண்டு பரவியிருக்கும் என்று வைத்துக்கொண்டு, பரவலின் அளவை மட்டும் தரவிலிருந்து கணிப்பது.

விலகல் எதில் என்பதுதான் கேள்வி. c மட்டும் ஆளுக்கு ஆள் மாறலாம் என்று விட்டால் அது ரேண்டம் இன்டர்செப்ட் மாதிரி. கோடுகள் மேலும் கீழுமாக இருக்கும், ஆனால் எல்லாம் இணைகோடுகள். முதல் ஆண்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளியோ, ஆறாம் ஆண்டிலும் அதே இடைவெளி. m-உம் மாறலாம் என்று விட்டால் அது ரேண்டம் ஸ்லோப் மாதிரி. கோடுகள் விரியலாம், நெருங்கலாம், ஒன்றையொன்று வெட்டலாம். கணினியில் எழுதும்போது இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே இடத்தில்தான்:

```r
library(lme4)
data(egsingle, package = "mlmRev")
m1 <- lmer(math ~ year + (1 | schoolid/childid), egsingle)
m2 <- lmer(math ~ year + (year | schoolid/childid), egsingle)
```

அடைப்புக்குள் `1` இருந்தால் வெட்டுத்துண்டு மட்டும். `year` என்று போட்டால் வெட்டுத்துண்டோடு சாய்வும். சாய்வு சாய்வு கோடு, பள்ளிக்குள் பிள்ளை என்ற அடுக்கைச் சொல்கிறது. இந்தத் தரவில் ஆண்டை −2.5 முதல் 2.5 வரை எண்ணியிருக்கிறார்கள். ஆகவே சுழி என்பது ஆய்வின் நடுப்பகுதி.

இரண்டாவது மாதிரி தரும் முடிவுகளைப் பார்ப்போம். சராசரி வளர்ச்சி ஆண்டுக்கு 0.76. ஒரே பள்ளிக்குள் பிள்ளைகளின் சாய்வுகள் பரவும் அளவை விலக்க வர்க்கச் சராசரியாகச் சொன்னால் 0.011, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.105. எண் சின்னதாகத் தெரிகிறது என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனால், ஒரே பள்ளியிலேயே ஒரு பிள்ளை ஆண்டுக்கு 0.55 கூட, இன்னொன்று 0.97 கூடுகிறது. ஐந்து ஆண்டு அப்படியே நடந்தால் இரண்டுக்கும் இடைவெளி இரண்டு புள்ளிக்கு மேல். சராசரிப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட மூன்று ஆண்டுப் படிப்பு.

இது பிள்ளைகளின் நிலையையும் விசிறி போல விரிக்கிறது. நடுப்பகுதியில் ஒரே பள்ளிப் பிள்ளைகளின் நிலை பரவும் அளவு 0.64. வெட்டுத்துண்டும் சாய்வும் சேர்ந்து மாறும் அளவு, அதாவது உடன்மாறுபாடு, 0.047. இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் முதல் ஆண்டில் பரவல் சுமார் 0.48, கடைசி ஆண்டில் சுமார் 0.94. ஏறக்குறைய இருமடங்கு. ரேண்டம் இன்டர்செப்ட் மாதிரியோ எல்லா ஆண்டுக்கும் ஒரே பரவல்தான் என்று அடம் பிடிக்கும். அது தவறு என்று தெரிந்துகொள்ளப் பெரிய சோதனை எதுவும் தேவையில்லை. ஆண்டுவாரியாக மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தை எடுத்துப் பார்த்து, அது ஒரே திசையில் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போகிறதா என்று பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும்.

இப்போது தொடக்கக் கேள்வி. நிலையைப் பொறுத்தவரை பள்ளிகளுக்கிடையே பரவல் 0.165, பள்ளிக்குள் 0.64. மொத்தத்தில் பள்ளிகளின் பங்கு 20 சதவீதம். சாய்வைப் பொறுத்தவரை பள்ளிகளுக்கிடையே 0.011, பள்ளிக்குள்ளும் 0.011. சரிபாதி. பிள்ளை எங்கே நிற்கிறது என்பதில் வீடும், பள்ளிக்கு வருவதற்கு முந்திய வயதும் கலந்திருக்கின்றன. வருடத்துக்கு வருடம் என்ன கூடியது என்பதில் பள்ளி சார்ந்த வித்தியாசம் தூக்கலாகத் தெரிகிறது. இதைப் பள்ளிதான் காரணம் என்று படிக்கக் கூடாது. ஏழைக் குடும்பப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் வளர்ச்சி மெதுவாக இருப்பதை இதே தரவு காட்டுகிறது. அதில் ஆசிரியர் எவ்வளவு, அந்தத் தெரு எவ்வளவு என்று இந்த மாதிரி பிரித்துச் சொல்லாது. வித்தியாசம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது.

பள்ளிகளின் வேகம் வேறுபடுவதைக் கண்டுகொள்ளாவிட்டால் இன்னொரு கெடுதல் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது: பொய்யான உறுதி. சராசரி வளர்ச்சி 0.76 என்கிறோமே, அது எவ்வளவு துல்லியம்? எல்லோர் சாய்வும் ஒன்று என்று நம்பும் மாதிரிக்கு 7230 மதிப்பெண்களும் அந்த ஒரே சாய்வுக்குச் சாட்சி. கைக்கணக்காகப் போட்டால் திட்டப் பிழை 0.006 அளவில் வருகிறது. ஆனால் பள்ளிக்குப் பள்ளி சாய்வு மாறுகிறது, நம்மிடம் இருப்பதோ 60 பள்ளிகள். 0.011-ஐ 60-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.0135. உண்மையான பிழை இதற்குக் கீழே போக வழியே இல்லை. அதாவது எளிய மாதிரி தன் துல்லியத்தை இரண்டு மடங்குக்கு மேல் மிகைப்படுத்துகிறது. ஒரு புதிய கற்பித்தல் முறை சில பள்ளிகளில் வளர்ச்சியைக் கூட்டியதா என்று பார்க்கும்போது, இல்லாத பலன் இருப்பதாக அறிக்கை வருவது இப்படித்தான். வளர்ச்சியைப் பற்றிக் கேள்வி கேட்பவர் வளர்ச்சியை மாறவிட வேண்டும். இதில் நான் சமரசத்துக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

இந்த மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாய்வைக் கணித்துக் கொடுக்கும் என்றதும், வேகமாகக் கற்பவர், மெதுவாகக் கற்பவர் என்று பட்டியல் போட ஆசை வரும். வேண்டாம். பிள்ளையின் கோட்டைச் சுற்றி மதிப்பெண்கள் துள்ளும் அளவு, அதாவது எஞ்சிய பிழை, 0.30. ஆறு தேர்வும் எழுதிய பிள்ளைக்குக்கூட, அவன் மதிப்பெண்களை மட்டும் வைத்துப் போட்ட சாய்வில் பிழையின் பரவல் 0.017, உண்மையான வேறுபாட்டின் பரவல் 0.011. நம்பகம் 40 சதவீதத்தை எட்டவில்லை. இரண்டே தேர்வு எழுதியவனின் சாய்வு அநேகமாக முழுக்கப் பிழைதான். அதனால்தான் கலப்பு மாதிரி, சான்று குறைந்த பிள்ளையின் சாய்வை அவன் பள்ளியின் சராசரியை நோக்கி அதிகமாக இழுத்து வைக்கிறது. பள்ளியின் சாய்வு வேறு கதை. சராசரியாக 29 பிள்ளைகள் சேர்ந்து சாட்சி சொல்வதால், அதன் நம்பகம் 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

முடிவுகளைப் படிக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. வெட்டுத்துண்டுக்கும் சாய்வுக்கும் இடையிலான ஒட்டுறவைக் கணினி அச்சிடும். இங்கே, பள்ளிக்குள் அது 0.55. ‘கெட்டிக்காரப் பிள்ளைதான் வேகமாகவும் வளர்கிறது’ என்று உடனே எழுதிவிடுவார்கள். ஆனால் வெட்டுத்துண்டு என்பது சுழி ஆண்டின் நிலை. சுழியை நடுவிலிருந்து முதல் ஆண்டுக்கு நகர்த்தினால், அதே தரவில், அதே மாதிரியில், ஒட்டுறவு 0.26 ஆகிறது. கோடுகள் ஒன்றும் மாறவில்லை, அவற்றை எந்த இடத்தில் வெட்டிப் பார்க்கிறோம் என்பதுதான் மாறியது. தொடக்க நிலைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைப் பேச விரும்புபவர் முதல் ஆண்டைச் சுழியாக வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

சாய்வை எப்போதும் மாறவிட முடியுமா என்றால், முடியாது. பிள்ளைகளும் தேர்வுகளும் குறைவாக இருந்தால் `boundary (singular) fit` என்ற செய்தி வரும். சாய்வின் பரவல் சுழியிலோ, ஒட்டுறவு 1 அல்லது −1-இலோ போய் முட்டிக்கொண்டது என்று அர்த்தம். சாய்வில் வேறுபாடே இல்லை என்பது அதன் பொருளல்ல. அதை அளக்கும் அளவுக்குத் தரவில் சத்து இல்லை என்பதாகவும் இருக்கலாம். ஆளுக்கு இரண்டே தேர்வு என்றால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு தேர்வின் பரவல்களும் அவற்றுக்கிடையிலான உடன்மாறுபாடும் ஆக மூன்று தகவல்கள்தான் கையில். கணிக்க வேண்டியதோ வெட்டுத்துண்டின் பரவல், சாய்வின் பரவல், இரண்டின் உடன்மாறுபாடு, எஞ்சிய பிழை என நான்கு. பிள்ளைக்குச் சாய்வைச் சேர்த்து எழுதினால் `lmer` மறுத்துப் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். திட்டத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு என்று வைத்துவிட்டு, எந்தப் பிள்ளை வேகமாக வளர்ந்தது என்று பிறகு கேட்பவர்களுக்கு அந்தச் செய்திதான் பதில். மூன்றாவது தேர்வை ஆய்வு தொடங்குமுன்பே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும்.