இருவருக்கான விரிப்பில் இத்தனை பேரா?

டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 16 மனித முகங்கள்: நான்கு வகைகளிலும் ராஜா, ராணி, குதிரை வீரன், ஏவலன். இவையே கோர்ட் கார்டுகள். பத்துச் சீட்டு வைக்கும் ‘செல்டிக் கிராஸ்’ விரிப்பில் சராசரியாக இரண்டு வரும். காதல் கேள்விக்கு ஐந்து வந்தால், உறவுக்குள் வெளியாட்கள் கூடிவிட்டார்கள் என்பது சீட்டு வாசிப்பவர்களின் கணிப்பு.

ஓர் உதாரணம். “ஏன் அடிக்கடி சண்டை?” என்று ஒரு பெண் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே வைக்கும் இரண்டாம் சீட்டு வாள் ராணி. அது தடையின் இடம். நிமிர்ந்த வாளோடு உட்கார்ந்திருக்கும் அவளைக் கறாரான மூத்த பெண்ணாக வாசிப்பார்கள்; அம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கலாம். சுற்றத்தைக் காட்டும் எட்டாம் இடத்தில் நாணய ராஜா. பணம் கொடுத்து, கூடவே கருத்தும் சொல்லும் பெரியவர். ஏழாம் இடத்தில் கோப்பை ராணி வந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. அது கேட்பவளின் சொந்த இடம். அங்கே வருவது பெரும்பாலும் அவளேதான்.

பலர் சறுக்குவது இங்கேதான்: எல்லா முகத்துக்கும் ஓர் ஆளைத் தேடுகிறார்கள். கோர்ட் கார்டு ஒருவரின் குணத்தையும் குறிக்கும். “இந்தச் சண்டை யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டுப் பார்க்கலாம். பெயர்கள் மளமளவென்று வந்தால் கூட்டம் நிஜம். வராவிட்டால், அத்தனை முகங்களும் அந்த இருவருடையவையே. சீட்டு எதையும் நிரூபிப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது, அவ்வளவுதான்.