அப்பா, மாத்திரைக்கு மணி அடிக்கட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு நடக்கப் போய்விட்டு, வந்த பிறகுதான் நீங்கள் டிபன் சாப்பிடுகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். போன வாரம் வீட்டுக்கு வந்ததும் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்ததாம். அது வெயில் அலுப்பு இல்லை அப்பா. நீங்கள் போடும் கிளிமிப்பிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். நடையும் இறக்கும். இரண்டும் சேர்ந்ததால் சர்க்கரை தாழ்ந்துபோயிருக்க வேண்டும். அதனால் அலாரம் வைப்பதற்கு முன்னால் வரிசையைச் சரிசெய்வோம்.

டாக்டர் சீட்டை எடுத்துப் பாருங்கள். 1-0-0 என்றால் காலை மட்டும், 0-0-1 என்றால் இரவு மட்டும். பக்கத்திலேயே சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று இருக்கும். உங்கள் சீட்டில் சர்க்கரை மாத்திரை காலை டிபனுக்கு முன்பு, பிரஷர் மாத்திரை டிபனுக்குப் பின்பு, கொழுப்பு மாத்திரை இரவில். எட்டு மணிக்கு இட்லி தட்டில் விழும் வீடு நம்முடையது. ஆகவே 7:45-க்கு ஒன்று, 8:20-க்கு ஒன்று, இரவு 9:00-க்கு ஒன்று. நடையை மாலை 5:30-க்கு, காபியும் ஏதாவது கொறிப்பும் ஆன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி போன். கடிகாரப் படம் போட்ட Clock-ஐத் திறந்து, கீழே Alarm என்பதைத் தொடுங்கள். + குறியைத் தொட்டால் மணி கேட்கும். 7, பிறகு 45, பிறகு AM, கடைசியில் OK. இரவு 9 மணிக்கு வைக்கும்போது PM என்று மாற்ற மறந்தால் அது காலை 9-க்குத்தான் அடிக்கும்.

அடுத்தது முக்கியமான இடம். மணிக்குக் கீழே S M T W T F S என்று ஏழு வட்டங்கள் இருக்கும். அவை கிழமைகள். ஏழையும் தொட வேண்டும். தொடாவிட்டால் அலாரம் ஒரே ஒரு நாள் அடித்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். மறுநாள் போன் பழுது என்று நினைப்பீர்கள். சரியாக வைத்திருந்தால் அந்த இடத்தில் Every day என்று காட்டும். சில போன்களில் கடைசியில் Save என்று ஒன்று இருக்கும், அதையும் அழுத்துங்கள்.

Label என்ற இடத்தில் வெறுமனே 'மாத்திரை' என்று எழுதாதீர்கள். 'சர்க்கரை மாத்திரை, டிபனுக்கு முன்' என்று எழுதுங்கள். அடிக்கும்போது அதுதான் திரையில் வரும். எந்த அட்டையை எடுப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. மாலை அலாரத்துக்கு வேறு ஓசை வையுங்கள், திரையைப் பார்க்காமலே நடைக்கு நேரமாயிற்று என்று தெரியும்.

அலாரத்தின் சத்தம் தனி. போனை சைலன்டில் போட்டாலும் பொதுவாக அது அடிக்கும். ஆனால் Alarm volume குறைந்திருந்தால் கேட்காது. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டால் பெரும்பாலான போன்களில் அடிக்கவே அடிக்காது. எனவே ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள்.

அலாரம் வைத்தவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கும், கை தன்பாட்டில் Stop-ஐத் தொடும், மாத்திரை அட்டையிலேயே இருக்கும். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் Stop. அதுவரை Snooze-ஐத் தொடுங்கள், சிறிது நேரத்தில் திரும்ப அடிக்கும். டிபன் தாமதமானாலும் Snooze-தான். இலை போட்ட பிறகு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம்.

மணி அடித்தது என்று போனுக்குத் தெரியும், நீங்கள் போட்டுக்கொண்டீர்களா என்று தெரியாது. அதற்காக மருந்துக் கடையில் கிழமை எழுதிய ஏழு அறை டப்பா வாங்குங்கள், காலைக்கும் இரவுக்கும் தனித்தனி அறை உள்ளதாக. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து நிரப்புங்கள். புதன் காலை அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. சந்தேகத்துக்கு இன்னொன்று போடக்கூடாது, விட்டுப்போனதற்காக அடுத்த வேளையில் இரட்டையாகவும் போடக்கூடாது.

நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் சிறு பொட்டலத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை இருக்கட்டும். நடுக்கமோ குப்பென்று வியர்வையோ வந்தால் உடனே உட்கார்ந்து அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. அதன் பிறகு வீட்டுக்கு வந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு, டாக்டருக்குச் சொல்லுங்கள்.

முதல் அலாரத்தை நீங்களே வையுங்கள், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் போனைக் கொடுக்காதீர்கள். டாக்டர் மருந்தை மாற்றினால், அன்றைக்கே அலாரத்தின் பெயரையும் நேரத்தையும் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்