புரூஸ் லீயின் நாள் அதிபதி

புரூஸ் லீ டிராகன் ஆண்டில், டிராகன் நேரத்தில் பிறந்தவர் என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. சீன ஜோதிடர் அதற்கெல்லாம் அசர மாட்டார். அவருக்கு முதலில் வேண்டியது பிறந்த நாள்.

ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கும் சீன ஜாதகத்தின் நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணிலும் மேலே ஒரு 'வான் தண்டு', கீழே ஒரு 'நிலக் கிளை' என இரண்டு எழுத்துகள் இருக்கும். மொத்தம் எட்டு. டிராகன், எலி, குரங்கு போன்ற விலங்குகள் கிளைகளுக்கு உரியவை. தண்டுகள் பத்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து பூதங்கள், ஒவ்வொன்றிலும் யாங் ஒன்று, யின் ஒன்று. நாள் தூணின் தண்டுதான் நாள் அதிபதி. ஜாதகருக்கு உரியது அதுவே. மற்ற ஏழு எழுத்துகளையும் அதை வைத்துத்தான் எடைபோடுவார்கள். டாங் காலத்தில் ஆண்டுத் தூணுக்கே முதலிடம். அதை நாளுக்கு மாற்றிய பெருமையை சுங் காலத்து ஷு ஸிபிங்குக்குக் கொடுக்கிறது மரபு.

நாள் தண்டுகள் பத்து நாளைக்கு ஒரு சுற்றாக இடைவிடாமல் ஓடுகின்றன. ஆண்டோ மாதமோ மாறினாலும் அந்த ஓட்டம் நிற்பதில்லை. அதனால் தண்டு தெரிந்த ஒரு நாளிலிருந்து எண்ணினால் போதும். 1900 ஜனவரி 1 அன்று தண்டு 'ஜியா', அதாவது யாங் மரம். வரிசையில் முதலாவது.

புரூஸ் லீ பிறந்தது 1940 நவம்பர் 27, சான் பிரான்சிஸ்கோவில். 1900 ஜனவரி 1 முதல் 1940 ஜனவரி 1 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு 14,600 நாள். லீப் ஆண்டுகளுக்காக இன்னும் 9. அங்கிருந்து நவம்பர் 27 வரை 331. கூட்டினால் 14,940. பத்தால் வகுத்தால் மீதி பூஜ்யம். ஆக மீண்டும் ஜியா. டிராகன் மனிதரின் நாள் அதிபதி மரம்!

பலரும் சறுக்குவது லீப் ஆண்டில்தான். 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனால் எக்செல் அதை லீப் ஆண்டாகவே எண்ணுகிறது. அதை நம்பி எண்ணினால் ஒரு நாள் கூடி, யாங் மரம் யின் மரமாகிவிடும். பிறந்த ஊரின் நேரத்தையே எடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. லீ பிறந்த காலைப் பொழுதில் ஹாங்காங்கில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. இரவு 11 மணிக்கே அடுத்த நாள் பிறந்துவிடுகிறது என்பது ஒரு சாரார் கணக்கு, 12 மணிக்கு என்பது மற்றவர் கணக்கு. இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் பிறந்தவருக்கு ஜோதிடரைப் பொறுத்து நாள் அதிபதியே மாறலாம்.

உங்கள் தேதியைப் போட்டுப் பார்க்குமுன் 2000 ஜனவரி 1-ஐக் கணக்கிடுங்கள். 36,524 நாள், மீதி 4, ஐந்தாவது தண்டான 'வூ', யாங் மண் வர வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையில் எங்கோ பிழை இருக்கிறது.