நலங்குப் படத்துக்கு ஒரு வரி

நலங்குப் படத்தின் கீழே எழுதும் குறிப்பு, படத்தில் கண்ணுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். பெண் மணையில் உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தில் மஞ்சள், சுற்றிலும் நாலு பேர் சிரிக்கிறார்கள். இவ்வளவையும் படமே காட்டிவிடும். யார் யாருக்கு என்ன முறை, எதற்காக அப்படிச் சிரித்தார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. பல வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் கேட்பதும் அதைத்தான்.

தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சிரிப்புக்குப் பாதிக் காரணம் முறையிலேயே இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் கணக்கு. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் கேலி செய்ய உரிமையுள்ள முறைக்காரர்கள். அதனால் ‘கசின்ஸ்’ என்று பொதுவாகப் போடுவதைவிட ‘அத்தை மகள்’ என்று எழுதினால், அந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்பது விளக்கமில்லாமலே புரிந்துவிடும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். மணப்பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைப் பின்னுக்கு இழுக்கிறாள். அத்தை மகள் கை நிறைய மஞ்சளோடு குனிந்திருக்கிறாள். பின்னால் சித்தப்பா மகன் வாயைப் பொத்திச் சிரிக்கிறான். அவனுடைய வெள்ளைச் சட்டைத் தோளில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கின்றன. சட்டென்று மனதில் வரும் வரி, ‘மறக்க முடியாத மகிழ்ச்சித் தருணம்’. அதை அடுத்த வீட்டுக் கல்யாணப் படத்தின் கீழே வைத்தாலும் பொருந்தும். அதுவே அதன் குறை. ‘மஞ்சளுக்குப் பயந்து ஒதுங்கும் அக்கா’ என்பது கொஞ்சம் தேவலை. ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதையே அது திரும்பச் சொல்கிறது. அங்கே இருந்தவர்களிடம் கேட்டால்தான் நடந்தது தெரியவரும். அதன்பின் வரி இப்படி அமையும்: ‘அத்தை மகளின் முதல் குறி தவறித் தம்பியின் புதுச் சட்டைக்கு, அடுத்தது அக்காவுக்கேதான்.’ இதில் சிரிப்பு என்ற சொல்லே இல்லை. படிப்பவரின் கண் தானாகத் தோளில் இருக்கும் கைத்தடத்துக்குப் போய் வருகிறது, சிரிப்பும் கூடவே வந்துவிடுகிறது.

மருதாணிப் படத்தில் வேடிக்கை வேறு வகை. விழுது காய்ந்து நிறம் ஏறச் சில மணி நேரம் ஆகும்; அதுவரை பெண்ணுக்கு இரண்டு கையும் கிடையாது. சோறு ஊட்டுவது, முகத்தில் விழும் முடியை ஒதுக்குவது எல்லாம் தங்கைகளின் பொறுப்பு. ‘மூக்கு அரிப்பது அக்காவுக்கு, சொறிந்துவிடப் போட்டி மூன்று தங்கைகளுக்கு’ என்று அந்த இக்கட்டைச் சொன்னாலே போதும்.

பெண்ணின் நிறத்தையோ உடம்பையோ தொட்டுப் பேசிய கேலி, சொன்ன இடத்தில் சிரிப்பாக இருந்தாலும் அச்சில் குத்தும். அதை விட்டுவிட வேண்டும். நாலு பேருக்கு மட்டும் புரியும் பட்டப்பெயரும் அப்படித்தான், ஆல்பம் புகுந்த வீட்டுக்கும் போகிறது. பெயர்களை இடமிருந்து வலமாக, ஊரோடும் தேதியோடும் தனி வரியில் சின்ன எழுத்தில் தருவது நல்லது. வேடிக்கை வரிக்குள் பெயர்களை அடுக்கினால் அதன் வேகம் போய்விடும்.