‘ஆள் தேவை’க்குக் கீழே என்ன எழுதணும்?

இன்னைக்கு ஒரு சின்னத் தாளைப் பத்திப் பேசப் போறோம். கடைக் கதவுல ஒட்டுற ‘ஆள் தேவை’ தாள். அதுவும் தனி ஆளா கடை நடத்துற ஒருத்தர், வாழ்க்கையில முதல் தடவையா எழுதுற தாள்.

தென்காசி மாவட்டம் திருவேங்கடத்துல டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற ஒரு அண்ணன். அவர் முதல்ல எழுதினது இவ்வளவுதான்: “அனுபவம் உள்ள மெக்கானிக் தேவை. சம்பளம் நேரில்.” ஒரு வாரத்துல இருபது போன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “சம்பளம் எவ்வளவுண்ணே?” நேர்ல வந்தது ரெண்டே பேர். அவங்களும் தொகையைக் கேட்டுட்டுக் கிளம்பிட்டாங்க.

போன் பண்றவங்க எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டா, விளம்பரத்துல அந்த ஒரு வரி இல்லைன்னு அர்த்தம். ஆனா அண்ணனோட தாள்ல அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருந்துச்சு. அவருக்குத் தேவைப்பட்டது மெக்கானிக்கே இல்லை.

அது எப்படித் தெரிஞ்சதுன்னா, ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதி வச்சார். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போச்சு, எத்தனை வண்டியை “நாளைக்கு வாங்க”ன்னு திருப்பி அனுப்பினார்னு. பாதி நாள் வாட்டர் வாஷ், பஞ்சர், ஆயில் மாத்துறதுலயே போயிருந்துச்சு. பன்னிரண்டு வேலை நாள்ல திரும்பிப் போன வண்டி 26. அதாவது நாளைக்கு ரெண்டு. எஞ்சின் வேலை தெரிஞ்ச இன்னொருத்தர் வந்தா சம்பளமும் அதிகம், கொஞ்ச நாள்ல தனிக்கடை போடவும் வாய்ப்பு உண்டு. சின்ன வேலைகளை வாங்கிக்க ஒரு உதவியாளர் இருந்தா, அந்த ரெண்டு வண்டியையும் அண்ணனே பார்த்துடலாம்.

அடுத்து சம்பளம். ஒரு சர்வீஸுக்குக் கூலி 350 ரூபாய். கூடுதலா ரெண்டு வண்டின்னா நாளைக்கு 700, ஆறு நாளைக்கு 4,200. வாரம் 3,500 சம்பளம் கொடுத்தா 700 மிச்சம். ஒரு நாள் மழையில வண்டி வரலைன்னா அந்த மிச்சமும் போச்சு. அதனால நாலு வாரச் சம்பளம், 14,000 ரூபாயைத் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் பேனாவை எடுத்தார். உங்க தொழிலுக்கு அரசு நிர்ணயிச்ச குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவுன்னு தொழிலாளர் துறையில பார்த்துக்கங்க. அதுக்குக் கீழே போகக் கூடாது.

இன்னொரு விஷயம். அந்தப் பக்கத்து இளைஞர்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கு, சிவகாசி பட்டாசு இருக்கு, கோவில்பட்டி இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு இந்தக் கடைக்கு ஏன் வரணும்? அதுக்கான பதிலும் தாள்லயே இருக்கணும். வேலை உள்ளூர்ல, தொழில் கத்துக்கலாம், ஞாயிறு லீவு உறுதி.

ரெண்டாவது தாள் இப்படி வந்துச்சு:

உதவியாளர் தேவை
டூவீலர் ஒர்க்‌ஷாப், திருவேங்கடம்
வேலை: வாட்டர் வாஷ், பஞ்சர், ஆயில் மாற்றுதல், செயின் வேலை. வாரம் ஒருமுறை சங்கரன்கோவில் சென்று ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி வர வேண்டும். எஞ்சின் வேலை கற்றுத் தரப்படும்.
தகுதி: 18 வயது நிரம்பியவர், டூவீலர் லைசென்ஸ். முன் அனுபவம் தேவையில்லை.
நேரம்: காலை 9 முதல் மாலை 6 வரை. மதியம் 1 மணி நேரம் இடைவேளை. ஞாயிறு விடுமுறை.
சம்பளம்: வாரம் ரூ. 3,500, சனிக்கிழமை மாலை.
மாலை 6 மணிக்கு மேல் போன் செய்யவும், அல்லது நேரில் வரவும்.

லைசென்ஸ் ஏன் கேட்டிருக்கார்? சர்வீஸ் முடிஞ்ச வண்டியை ஓட்டிப் பார்க்கணும், சங்கரன்கோவிலுக்கும் போகணும். வேலைக்குத் தேவைப்படுற தகுதி இது. ‘பத்தாவது பாஸ்’னு அவர் எழுதலை. பஞ்சர் ஒட்ட மார்க் ஷீட் எதுக்கு? ‘ஆண்கள் மட்டும்’னும் எழுதலை. ஆள் எடுக்கிறதுல ஆண், பெண்னு பாகுபாடு காட்டக் கூடாதுன்னு 1976-லயே சட்டம் வந்துடுச்சு.

எங்கெல்லாம் போடலாம்? கடைக் கதவு, டீக்கடை, ஊர் வாட்ஸ்அப் குரூப். தமிழ்நாடு அரசோட tnprivatejobs.tn.gov.in தளத்துலயும் இலவசமா போடலாம். எங்கே போட்டாலும் ஆள் கிடைச்ச அன்னைக்கே எடுத்துடுங்க.

இந்தத் தடவை வந்தது ஏழு போன்தான். சம்பளம் எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்கலை. “எஞ்சின் வேலை எப்பண்ணே சொல்லித் தருவீங்க?”ன்னு கேட்ட பையனை ஒரு நாள் கூலி கொடுத்து வேலை பார்க்கச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை காலையில, கடை திறக்கிறதுக்கு முன்னாடியே அவன் வாசல்ல நின்னான்.