செக் திரும்பினால் நாளை எண்ணுங்கள்

ஈரோட்டில் ஒரு ஜவுளி வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். சரக்கு எடுத்தவர் கொடுத்த 80,000 ரூபாய் செக், மார்ச் 3 தேதியிட்டது. வங்கியில் போட்டார், மார்ச் 10-ல் ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தது. சீட்டில் 01 என்ற எண், பக்கத்தில் 'Funds Insufficient'. கணக்கில் போதிய பணம் இல்லை. இதற்குத்தான் ரிட்டர்ன் மெமோ என்று பெயர்.

எண் 01 என்றால் வழக்குப் போடலாம், 12 என்றால் கையெழுத்துத் தகராறு, ஒன்றும் செய்ய முடியாது என்று கடைத்தெருவில் ஒரு கணக்கு உண்டு. அது தப்பு. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பிய செக்குக்கும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. 'பேமென்ட் ஸ்டாப்' என்று எழுதிக் கொடுத்து நிறுத்திய செக்குக்கும், கணக்கையே மூடிவிட்ட செக்குக்கும் இதே நிலைதான். ஆனால் வங்கியின் கம்ப்யூட்டர் இணைப்புக் கோளாறால் திரும்பினால் கொடுத்தவர் மீது பழி இல்லை. மறுபடி போட்டால் போதும்.

எண்ணைவிட முக்கியம் தேதி. மெமோ கைக்கு வந்த மறுநாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம் வியாபாரிக்குக் கெடு ஏப்ரல் 9. (செக் திரும்பியதாக மொபைலுக்குக் குறுஞ்செய்தி முன்பே வந்திருந்தால் அந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.) "கொஞ்சம் பொறுங்கண்ணே, அடுத்த வாரம் போட்டுடறேன்" என்ற பேச்சில்தான் பலருக்கு இந்தக் கெடு கைநழுவுகிறது.

அவர் ஏப்ரல் 2-ல் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புகிறார். 4-ந்தேதி அது எதிராளி கையில் சேர்கிறது. பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது ஏப்ரல் 19 வரை. அதுவரை நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது. முந்திக்கொண்டு போட்ட புகார் செல்லாது. அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் புகாரின் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். நோட்டீஸின் தாமதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

நோட்டீஸில் கேட்கும் தொகையிலும் கவனம் தேவை. செக் ஒரு கோடிக்கு, நோட்டீஸில் இரண்டு கோடி. தட்டச்சுப் பிழை என்று சொல்லியும் 2025-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, வழக்கு விழுந்தது. வட்டியோ செலவோ கேட்பதென்றால் செக் தொகையைத் தனியாகக் காட்டிவிட்டுக் கேட்கலாம்.

30 நாள் போய்விட்டால்? செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாதவரை அதை மறுபடி வங்கியில் போடலாம். மீண்டும் திரும்பினால் புது மெமோ, புது 30 நாள். இதை ஒப்புக்கொண்டது எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ல் வந்த தீர்ப்பு. ஈரோட்டு வியாபாரியின் செக்குக்கு ஜூன் தொடக்கம் வரைதான் அந்த வழி.