வாழ்த்துப் பதாகைகளும் மாணவரின் சம்மதமும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி ஓரிரு மணித்தியாலங்களுக்குள் தனியார் கல்வி நிலையங்களின் பேஸ்புக் பக்கங்களிலும் நகரச் சந்திகளிலும் சாதனை மாணவர்களின் படங்கள் தோன்றிவிடுகின்றன. உழைத்துப் பெற்ற வெற்றியைப் பாராட்டுவதில் தவறேதுமில்லை. ஆனால், அந்தப் படத்தை வெளியிடுவதற்கு உரியவரின் சம்மதம் பெறப்பட்டதா என்பதும், அதே வகுப்பில் பயின்று எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்காத மாணவர்களுக்கு அவ்வறிவித்தல் எதனைச் சொல்கிறது என்பதும் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்விகளாகவே உள்ளன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கல்முனைப் பகுதியில் இரசாயனவியல் கற்பிக்கும் ஒரு கல்வி நிலையத்தின் மாணவி உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெறுகிறார். அன்று மாலையே நிலையம் பின்வருமாறு அறிவிக்கிறது: "எமது மாணவி அம்பாறை மாவட்டத்தில் முதலிடம்! மருத்துவ பீடத்துக்குத் தெரிவு! அடுத்த சாதனையாளர் நீங்களா?" அதன் கீழே மாணவியின் படமும், பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் இருந்து பிடிக்கப்பட்ட பெறுபேற்றுத் தாளும் காணப்படுகின்றன. வழமையான இந்த அறிவித்தலில் திருத்தப்பட வேண்டியவை பல.

முதலாவது, சம்மதம். உயர்தர மாணவர் பலர் பெறுபேறு வெளியாகும்போது 18 வயதைக் கடந்தவர்கள். எனவே தந்தையிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டால் போதாது. மாணவியே சம்மதிக்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையாயின் பெற்றோரின் அனுமதி அவசியம். ஆயினும் பத்து வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பதே முறையாகும். சம்மதம் சுயவிருப்பில், எதற்கென்று தெளிவாகக் குறிப்பிட்டு, விளங்கிக்கொண்டு அளிக்கப்பட வேண்டும் என்பதே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்தாகும். வகுப்பில் சேரும்போது நிரப்பிய விண்ணப்பத்தின் அடியிலுள்ள ஒரு வரி இதற்கு ஈடாகாது. அன்று அந்த மாணவிக்குத் தன் பெறுபேறு தெரியாது.

பெயர், படம், பாடசாலை, பாடச் சித்திகள், மாவட்ட நிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேட்பது நல்லது. பெயரை வெளியிட உடன்படும் குடும்பம் பெண்பிள்ளையின் படத்தைப் பதாகையில் இட விரும்பாதிருக்கலாம். பேஸ்புக், பத்திரிகை, வீதிப் பதாகை ஆகியவற்றுள் எவற்றில் வெளியாகும், எத்தனை நாட்களுக்கு இருக்கும், பின்னர் மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். பதாகையைக் கழற்றிவிடலாம்; பதிவை அழித்துவிடலாம்; ஆனால் வட்ஸ்அப்பில் பலர் கைமாறிய படத்தை மீளப் பெற முடியாது. இதனை முன்கூட்டியே சொல்லாமல் பெறும் சம்மதம் முழுமையானதன்று.

கேட்கும் முறையும் முக்கியமானது. ஆசிரியர் படப்பிடிப்பாளருடன் வீட்டுக்குச் சென்று, இனிப்பை ஊட்டிவிட்டுக் கேட்டால் எந்த மாணவியால் மறுக்க முடியும்? கட்டணமின்றிக் கற்பிக்கப்பட்ட வறிய மாணவருக்கு இது இன்னும் கடினம். நன்றிக்கடன் என்ற உணர்வு அவரது வாயை அடைத்துவிடும். எனவே ஆசிரியரல்லாத அலுவலர் ஒருவர் தாளைக் கொடுத்து, இரண்டு நாட்கள் அவகாசம் அளித்து, பதில் வராவிட்டால் அதனை மறுப்பாகவே கொள்வது நேர்மையான வழியாகும்.

இரண்டாவது, பெறுபேற்றுத் தாளின் படம். அதில் சுட்டெண்ணும் சில வேளைகளில் தேசிய அடையாள அட்டை இலக்கமும் தெரிகின்றன. 12 இலக்கங்கள் கொண்ட அடையாள அட்டை எண்ணின் முதல் நான்கும் பிறந்த ஆண்டைக் காட்டுகின்றன. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டுகின்றன. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே அவ்வெண்ணை வெளியிடுவது மாணவியின் பிறந்த திகதியையே வெளியிடுவதற்குச் சமமாகும். மாணவி சம்மதித்தாலும் இந்தத் தாளைப் பிரசுரிக்க வேண்டிய தேவை எதுவுமில்லை.

மூன்றாவது, உண்மை. பெறுபேறு வெளியான நாளில் எவரும் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிவிடுவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் வெட்டுப்புள்ளிகளைப் பின்னரே வெளியிடுகிறது. அவையும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகின்றன. விடைத்தாள் மீள்பரிசீலனையின் பின்னர் மாவட்ட நிலையும் மாறக்கூடும். அவசரப்பட்டு அறிவித்தது பொய்யாகிப்போனால் ஊரவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மாணவியே. அன்றியும், "எமது மாணவி" என்ற சொல்லில் பாதி உண்மையே உண்டு. உயிரியலை வேறோரிடத்திலும் பௌதிகவியலை இன்னோரிடத்திலும் கற்ற ஒருவரை மூன்று நிலையங்கள் உரிமை கோருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பாடசாலையின் பெயரோ எங்கும் இடம்பெறுவதில்லை.

நான்காவது, ஏனைய மாணவர்கள். அந்த இரசாயனவியல் வகுப்பில் நூறு பேர் இருந்திருந்தால், சிலர் சித்தியடையாதிருப்பர். சிலர் இரண்டாம் தடவை தோற்றுவதா என்று தடுமாறிக்கொண்டிருப்பர். மறுமுறைக்கான வகுப்பை விசாரிக்க வரும் மாணவன் அந்தப் பதாகையின் கீழாகவே உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. "அடுத்த சாதனையாளர் நீங்களா?" என்ற வினா அவனுக்கு ஊக்கமாகப் படாது. "நீ ஏன் இல்லை?" என்றே கேட்கும். இவ்வினாவை வீட்டில் பெற்றோரும் திரும்பக் கேட்பர். ஆகவே வாழ்த்து அந்த மாணவியைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும். பிறரை நோக்கிய அழைப்போ ஒப்பீடோ புதிய வகுப்பு விளம்பரமோ அதில் வேண்டாம். சக மாணவர்கள் உள்ள வட்ஸ்அப் குழுவிலும் அதனை இடவேண்டாம். அக்குழுவில் அன்று இடவேண்டியது மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் முறையும், ஆசிரியரைத் தனியே சந்தித்துப் பேசக்கூடிய நேரமுமாகும்.

அந்த மாணவி பெயரையும் பாடசாலையையும் சித்திகளையும் வெளியிடச் சம்மதித்து, படத்தையும் மாவட்ட நிலையையும் தவிர்க்குமாறு கேட்டார் எனக் கொள்வோம். அப்போது அறிவித்தல் இவ்வாறு அமையலாம்:

"எமது நிலையத்தில் இரண்டு வருடங்கள் இரசாயனவியல் பயின்ற (மாணவியின் பெயர்), (பாடசாலையின் பெயர்) மாணவியாகப் பரீட்சைக்குத் தோற்றி, உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெற்றுள்ளார். அவருக்கும், அவரது பாடசாலைக்கும், ஏனைய பாடங்களைக் கற்பித்த ஆசிரியர்களுக்கும், குடும்பத்தினருக்கும் எமது வாழ்த்துகள். இது மாணவியின் சம்மதத்துடன் வெளியிடப்படுகிறது."

இதனால் விளம்பரத்தின் கவர்ச்சி குறையும் என நிலைய உரிமையாளர்கள் கூறலாம். குறையத்தான் செய்யும். எனினும் ஒரு நிலையத்தின் தரத்தை அறிய விரும்பும் பெற்றோருக்கு ஒரு முகத்தினால் ஆகும் பயன் சொற்பமே. எத்தனை பேர் தோற்றினர், அவர்களில் எத்தனை பேர் அப்பாடத்தில் சித்தியடைந்தனர் என்ற பெயர் குறிப்பிடாத இரு எண்களே அவர்களுக்கு உதவும். அவற்றை நிலையங்கள் தாமாகவே வெளியிடாதவிடத்து, பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். பதாகையில் உள்ள படத்தைக் காட்டிப் பதிலளிக்கும் நிலையத்தில் மீண்டும் ஒருமுறை அதே கேள்வியைக் கேட்பதே தகும்.